பேச்சாளர் அறிமுகத்தை 40 சொல்லுக்குள் சுருக்க உதவி வேண்டும்

வணக்கம். தென்னை விவசாயிகள் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் அச்சாக வேண்டிய அறிமுகம் இது. உரை, சொட்டுநீர்க் குழாய் அடைப்பு பற்றியது. பேச்சாளர் அனுப்பியது 'நான்' என்று தொடங்கும் 180 சொல். இடமோ 40 சொல்லுக்குத்தான்.

விருதுகளையும் கட்டுரை எண்ணிக்கையையும் எடுத்துவிட்டேன். எந்த மாதிரித் தோப்பில், எந்தத் தண்ணீரில் வேலை பார்த்தவர் என்பதுதான் விவசாயிக்குத் தேவை. 'நான்' என்பதை 'இவர்' ஆக்கிய பிறகும் 'எனது', 'வருகிறேன்' என்று நடுவில் ஒளிந்திருந்தன. '12 ஆண்டுகளாக' என்பது அடுத்த முறை பயன்படுத்தும்போது தப்பாகிவிடும். ஆகவே தொடங்கிய ஆண்டைப் போட்டேன்.

இப்போது இருப்பது, பெயருக்குப் பின்:

"நீர்ப்பாசனப் பொறியாளர். 2013 முதல் தென்னந்தோப்புகளில் சொட்டுநீர் அமைப்புகளைப் பராமரித்து வருகிறார். கிணற்று நீரால் சொட்டுவான்களில் படியும் சுண்ணாம்பை அமிலம் செலுத்திக் கரைக்கும் முறையை விவசாயிகளுக்கு நேரில் செய்து காட்டுகிறார்."

பெயருக்கு முன் 'முனைவர்' போட்டால் போதுமா, ஆய்வுத் தலைப்பும் வேண்டுமா? தொகுப்பாளர் மேடையில் இதையே வாசிப்பார். கடைசி வாக்கியம் ஒரே மூச்சில் வருமா? உடைப்பதென்றால் எங்கே உடைக்கலாம்? வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.