அலங்காநல்லூர் குளிர்ச்சியா, கணக்கு குளிர்ச்சியா?

அலங்காநல்லூர்க்காரன்
மதுரை டவுன் சிம்மக்கல்லில் மாமா வீட்டில் பழைய மேக்ஸ்-மின் தெர்மாமீட்டர் இருக்கு. தினமும் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி ரெண்டால் வகுத்து நோட்டில் எழுதுவார். நான் இங்கே ஒரு லாகர் மாட்டியிருக்கேன், மணிக்கு ஒரு ரீடிங். சித்திரை வெயில்ல ஒரே நாள், அவருக்கு 39.0, 27.8, சராசரி 33.4. என் லாகர் சராசரி 32.5. "டவுனை விட எங்க ஊர் 0.9 டிகிரி குளிர்ச்சி"னு ஊர் குரூப்ல போட்டேன். மாமா சண்டைக்கு வர்றார். யார் கணக்கு சரி?

நள்ளிரவு 12 மணியில இருந்து வரிசையா என் ரீடிங்:

```
00-05   29.6 29.1 28.6 28.2 27.8 27.4
06-11   27.2 28.4 30.2 32.2 34.1 35.8
12-17   37.2 38.4 39.0 39.2 38.4 37.0
18-23   35.0 33.4 32.3 31.5 30.8 30.2
```

கோரிப்பாளையம் பாய்
தம்பி, இது எல்லா ஆப்லயும் இருக்கிற கோளாறுதான். என் போன்ல 39னு காட்டும், கீழேயே "உணர்வது 44"னு போட்டிருக்கும். வேர்வை காயாததால வர்ற வித்தியாசம் அது.

எண்ணெழுத்து
பாய், அது வேற விஷயம். இங்கே ரெண்டு பேருமே காத்தோட சூட்டைத்தான் அளக்கிறாங்க.

அலங்காநல்லூர், நீங்கதான் சரி. 24 ரீடிங் எடுத்துக் கூட்டி வகுத்தா அதுதான் சராசரி. ரெண்டே நம்பரை வச்சு நாள் முழுக்க எப்படி இருந்துச்சுனு சொல்றது, பரீட்சையில முதல் மார்க்கையும் கடைசி மார்க்கையும் கூட்டி வகுத்து கிளாஸ் சராசரினு சொல்ற மாதிரி. மாமா நோட்டை மூட்டை கட்டி வைக்கச் சொல்லுங்க.

பழைய அப்சர்வர்
மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க தம்பி. உங்க 24 ரீடிங்கையே மாமா முறையில போட்டுப் பாருங்க. உங்க அதிகபட்சம் 39.2, மதியம் 3 மணிக்கு. குறைந்தபட்சம் 27.2, காலை 6 மணிக்கு. கூட்டி வகுத்தா 33.2. மாமாவோடது 33.4. வித்தியாசம் 0.2தான்.

நீங்க குரூப்ல போட்ட 0.9ல 0.7 உங்க ஊர்க் காத்துல இருந்து வரலை, வகுத்த விதத்துல இருந்து வந்தது. மிச்சம் 0.2. சாதாரண லாகர் முன்னே பின்னே 0.3, 0.5 காட்டும். அதை வச்சுக் குளிர்ச்சினு பந்தயம் கட்ட முடியாது.

அலங்காநல்லூர்க்காரன்
அண்ணே, கணக்கு புரியுது. ஆனா ஒரே நாள், ஒரே கருவி, எப்படி 33.2, 32.5னு ரெண்டு விடை வரும்?

பழைய அப்சர்வர்
உங்க வரிசையில 33.2க்கு மேல எத்தனை ரீடிங் இருக்குனு எண்ணுங்க. காலை 10 மணியில இருந்து ராத்திரி 7 வரைக்கும், மொத்தம் பத்து. மீதி பதினாலும் அதுக்குக் கீழ. மேல ஏறினது கொஞ்ச நேரம், கீழ கிடந்தது ரொம்ப நேரம்.

விடிஞ்சதும் வெயில் தூக்கிட்டுப் போகும். 6 மணிக்கு 27.2, ஒன்பது மணி நேரத்துல 39.2. பன்னிரண்டு டிகிரி. இறங்குறது அப்படி இல்லை. சாயங்காலம் 4 மணிக்கு மேல தடதடனு விழும், இருட்டினதும் வேகம் குறைஞ்சு போகும். ராத்திரி 9 மணிக்கு 31.5 ஆயிடுச்சு. அதுக்கப்புறம் விடியிற வரைக்கும் ஒன்பது மணி நேரத்துல 4 டிகிரி சொச்சம்தான் இறங்குது. நாளோட பெரிய பங்கு அடிமட்டத்துப் பக்கமே நகர்ந்துட்டிருக்கு. உச்சியையும் அடியையும் மட்டும் எடுத்தா அந்த நீண்ட ராத்திரிக்கு எடை கிடைக்காது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுக்கோடு போட்டா அது 33.2. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பங்கு கொடுத்தா 32.5.

எண்ணெழுத்து
அப்படின்னா நான் சொன்னதேதானே? மாமா முறை 0.7 கூடக் காட்டுது. பழைய நோட்டுல எல்லா நாளுக்கும் 0.7 கழிச்சிட்டா முடிஞ்சது. ரெண்டையும் பக்கத்துல வைக்க:

```
=AVERAGE(B2:B25)
=(MAX(B2:B25)+MIN(B2:B25))/2
```

பழைய அப்சர்வர்
ஃபார்முலா சரி. 0.7 கழிக்கிறதுதான் தப்பு. மேகமே இல்லாத சித்திரை நாளுக்குத்தான் அது பொருந்தும். ஐப்பசியில ராத்திரி முழுக்க மேகம் மூடி 25ல நிக்குதுனு வைங்க, பகல்லயும் 28.4 தாண்டலை. நடுவுல ஒரு மணி நேரம் கொட்டுற மழையில 21.8க்கு விழுந்து திரும்ப ஏறிடுது. மாமா முறையில 25.1 வரும். நாள் முழுக்கக் கணக்கு போட்டா 26க்குப் பக்கத்துல நிக்கும். அன்னைக்கு இந்த முறை குறைச்சுக் காட்டுது. அதுலயும் 0.7 கழிச்சா ரெட்டைத் தப்பு.

வைகைக்கரை
மத்தியானம் வரைக்கும் கொளுத்திட்டு சாயங்காலம் இடி மழை வர்ற நாள்ல என்ன ஆகும் ஐயா? நம்ம ஊர்ல கோடையில அதானே நடக்குது.

பழைய அப்சர்வர்
நல்லாக் கேட்டீங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச சிக்கல் இது, கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் ரீடிங் எடுத்த இடத்துல வெள்ளை அடிச்ச மரக்கூண்டுக்குள்ள ரெண்டு தெர்மாமீட்டர் படுத்திருக்கும். அதிகபட்சத்துக்குப் பாதரசம். ஜுரம் பார்க்கிற பழைய தெர்மாமீட்டர் மாதிரி கழுத்துல ஒரு நெருக்கம் இருக்கும், ஏறினது தானா இறங்காது, உதறித்தான் இறக்கணும். குறைந்தபட்சத்துக்குச் சாராயம். அதுக்குள்ள ஊசி மாதிரி ஒரு சின்னக் குச்சி. குளிர்ந்தா திரவத்தோட நுனி அதைக் கீழ இழுத்துட்டுப் போகும், திரும்ப ஏறும்போது குச்சியை விட்டுட்டுப் போயிடும். குறைந்தபட்சத்தை நாங்க காலையில 8.30க்கு ஒரு தடவைதான் படிப்போம். படிச்சதும் தெர்மாமீட்டரைச் சாய்ச்சுக் குச்சியைத் திரும்ப நுனிக்குக் கொண்டுவருவோம்.

இப்ப ஒரு நாளை எடுத்துக்குங்க. விடியல்ல 27.0. காலை 8.30க்கு அதை எழுதியாச்சு. மதியம் 38.6. நாலரை மணிக்குக் காத்து, இடி, மழை. ஆறு மணி சொச்சத்துக்கு 23.8. ராத்திரி லேசா ஏறி 25 பக்கமே நிக்குது. மணிக்கொரு ரீடிங் எடுத்தா அன்னைக்குச் சராசரி 29.8 வருதுனு வைங்க. நோட்டுல என்ன இருக்கும்? 38.6, 27.0, வகுத்தா 32.8. மூணு டிகிரி கூடுதல். அந்த 23.8 எங்கே போச்சு? குச்சி அதே இடத்துல கிடக்கும். மறுநாள் காலையில போய்ப் படிக்கும்போது மறுநாள் கணக்குல ஏறும். மறுநாள் விடியல்ல உண்மையில 24.6தான். ஆக, மழை பெஞ்ச நாள் சூடாவும், அடுத்த நாள் இல்லாத குளிரோடவும் பதிவாயிடும்.

நள்ளிரவுக்கு நள்ளிரவு கணக்கு வச்சாலும் முழுசாத் தீராது. 38.6, 23.8, வகுத்தா 31.2. அப்பவும் 1.4 கூடுதல்தான்.

எண்ணெழுத்து
பார்த்தீங்களா, நீங்களே மூணு டிகிரி தப்புங்கிறீங்க. இவ்வளவு ஓட்டை இருக்கிற முறையை எதுக்குய்யா நூறு வருஷமாப் பிடிச்சுத் தொங்கணும்?

பழைய அப்சர்வர்
மணிக்கொருக்கா ராத்திரி ரெண்டு மணிக்கும் கூண்டைத் திறந்து பார்க்க ஆள் வேணுமே! இந்த ரெண்டு தெர்மாமீட்டரும் ஆள் இல்லாத நேரத்துல உச்சியையும் அடியையும் ஞாபகம் வச்சிருக்கும். அதுதான் அதோட மதிப்பு.

வேற வழி தேடினவங்களும் உண்டு. ஜெர்மனியில மன்ஹைம் ஊர்ல 1780ல ஒரு வானிலைச் சங்கம் ஆரம்பிச்சாங்க. காலை 7, மதியம் 2, ராத்திரி 9, மூணு வேளை ரீடிங். ராத்திரி 9 மணியை மட்டும் ரெண்டு தடவை கூட்டி நாலால வகுக்கணும். நீண்ட ராத்திரிக்கு எடை கொடுக்கிற தந்திரம் அது. ஜெர்மனியில 2001 வரைக்கும் அந்தக் கணக்குதான் ஓடுச்சு. தம்பியோட நாளுக்கே போட்டுப் பாருங்க: 28.4, 39.0, 31.5 ரெண்டு தடவை. மொத்தம் 130.4, நாலால வகுத்தா 32.6. லாகர் 24 ரீடிங்ல சொன்னது 32.5.

வைகைக்கரை
அட! மூணே ரீடிங்ல.

எண்ணெழுத்து
ஒரு நாள் பொருந்தினா போதுமா? மழை நாளுக்குப் போடுங்க பார்ப்போம். 2 மணிக்கும் 9 மணிக்கும் நடுவுல என்ன நடந்துச்சுனு அதுக்கும் தெரியாது. லாகர் இருக்கும்போது எதுக்கு இந்த வேலை?

பழைய அப்சர்வர்
அது நியாயம்தான், மழை நாளுக்கு அதுவும் தடுமாறும். புதுசா ஆரம்பிக்கிறவங்க லாகர் வைக்கட்டும், நான் தடுக்கலை. ஆனா மாமா நோட்டுல முப்பது வருஷம் ஒரே முறையில இருந்தா, அதுல ஏறுதா இறங்குதானு பார்க்கலாம். நாளுக்கு நாள் மாறினாலும், வருஷக் கணக்குல பார்த்தா ஏறக்குறைய ஒரே மாதிரி கூடுதல். இன்னைக்கு அதை நிறுத்திட்டு லாகர் சராசரியை அதுக்குக் கீழயே எழுத ஆரம்பிச்சீங்கன்னா, நோட்டுல மதுரை திடீர்னு குளிர்ந்த மாதிரி இருக்கும். கொஞ்ச வருஷம் ரெண்டையும் சேர்த்து எழுதணும்.

பருத்திக்காடு
நான் டி.கல்லுப்பட்டி. கரிசல்ல பருத்தி. எங்களுக்கு இது வெறும் சண்டை இல்லை. விதைச்ச நாள்ல இருந்து தினமும் சராசரியில 15.5ஐக் கழிச்சு, மிச்சத்தைக் கூட்டிக்கிட்டே வருவேன். இத்தனை வந்தா பூ, இத்தனை வந்தா காய் வெடிக்கும்னு ஒரு அட்டவணை வச்சிருக்கேன். அலங்காநல்லூர் நாளுக்கு மாமா முறையில 17.7 வருது, லாகர்ல 17.0. எதை எடுக்க?

பழைய அப்சர்வர்
அட்டவணை எந்த முறையில போட்டதோ அதே முறை. இந்த மாதிரி அட்டவணைகள்ல நிறைய, மேக்ஸ்-மின் நடுப்புள்ளியை வச்சே போட்டவை. அதுல லாகர் சராசரியைக் கொண்டுபோய் வச்சா தினமும் 0.7 குறையும். நூத்தம்பது நாளும் அப்படியேனு வச்சா நூறு எண்ணிக்கை, அதாவது ஆறு நாள் பிந்திக் காட்டும். நிஜத்துல எல்லா நாளும் இதே இடைவெளி இருக்காது, அதனால இதைவிடக் குறைவாத்தான் வரும்.

பருத்திக்காடு
அட்டவணை எந்த முறைனு அதுல எழுதலையேண்ணே. போன வருஷம் மேக்ஸ்-மின்தான் போட்டேன், ஆனா காய் நான் கணக்குப் போட்டதுக்கு முன்னாடியே வெடிச்சிருச்சு. அப்ப முறை சரியா, ரகம் வேறயா?

பழைய அப்சர்வர்
ஒரு வருஷத்தை வச்சு எனக்குச் சொல்லத் தெரியலை. ரகமாவும் இருக்கலாம், தண்ணி குறைஞ்சாலும் சீக்கிரம் வெடிக்கும்.

அலங்காநல்லூர், நான் ஒண்ணு கேட்க மறந்துட்டேன். லாகரை எங்கே மாட்டியிருக்கீங்க?

அலங்காநல்லூர்க்காரன்
தென்னந்தோப்புல மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்துல. வெயில் நேரா படாது, ஆனா மேல ஆஸ்பெஸ்டாஸ்.

பழைய அப்சர்வர்
ஆஸ்பெஸ்டாஸ் சூடாகி லாகர் மேலயே அனல் அடிக்கும். மாமா தெர்மாமீட்டர்?

அலங்காநல்லூர்க்காரன்
மொட்டைமாடிக்குப் போற படிக்கட்டுச் சுவத்துல. மேற்குச் சுவர்.

எண்ணெழுத்து
போச்சுடா.

பழைய அப்சர்வர்
மேற்குச் சுவர் பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கிக்கிட்டு இருக்கும். அவரோட 27.8 காத்தோடதா சுவரோடதானு யாருக்குத் தெரியும்? உங்க லாகரை ஒரு வாரம் அவர் தெர்மாமீட்டர் பக்கத்துல தொங்க விடுங்க. ரெண்டும் எவ்வளவு விலகுதுனு முதல்ல பாருங்க. இன்னொண்ணு, மணிக்கு ஒரு ரீடிங்னா 3.20க்கு வர்ற உச்சி உங்களுக்குக் கிடைக்காது, மாமாவோடது அதைப் பிடிச்சிரும். பத்து நிமிஷத்துக்கு மாத்துங்க.

அலங்காநல்லூர்க்காரன்
மாத்திட்டேன். குரூப்ல போட்டதையும் அழிச்சிட்டேன், ஆனா மாமா அதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டார். ஞாயித்துக்கிழமை லாகரோட சிம்மக்கல் போறேன்.

கோரிப்பாளையம் பாய்
அப்ப என் போன்ல 44 காட்டுறது எதோட சராசரி?