மெயின்டனன்ஸ்: சதுர அடிக்கு 3 ரூபாயா, வீட்டுக்கு 3,600 ரூபாயா?

முதல்மாடி_900
எங்கள் அபார்ட்மென்ட்டில் 24 வீடுகள். 900 சதுர அடியில் 8, 1,200-இல் 12, 1,800-இல் 4. எல்லோருக்கும் மாதம் 3,600 ரூபாய். என் வீட்டைப்போல இரண்டு மடங்கு பெரிய வீட்டுக்காரரும் அதே 3,600தான் கட்டுகிறார். சதுர அடிக் கணக்குக்கு மாற்றச் சொல்லி அடுத்த பொதுக்குழுவில் கேட்கப்போகிறேன். கேட்பது நியாயம்தானே? பில்லில் "மெயின்டனன்ஸ் 3,600" என்று ஒரே வரிதான் இருக்கிறது.

பால்கனித்துளசி
நியாயம் இல்லை. வேறு அபார்ட்மென்ட்டில் நான் அந்தப் பெரிய வீட்டுக்காரி, அதனால் சொல்கிறேன். 1,800 சதுர அடி, இருப்பது நான் ஒருத்தி. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி என் வீட்டை மட்டும் இரண்டு தடவை காவல் காக்கிறாரா? படிக்கட்டைப் பெருக்குகிறவர் என் வாசலுக்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறாரா? என் குப்பை ஒரு சின்னக் கவர். எங்கள் சின்ன வீடுகள் பலவற்றில் ஐந்து பேர் இருக்கிறார்கள், தண்ணீர் யார் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று சொல்லவே வேண்டாம். வீடு பெரியது என்பதற்காக ஒருவரிடம் அதிகம் வாங்குவது தண்டனை மாதிரி இருக்கிறது.

சட்டம்பேசுவோம்
மேடம், இதில் உங்கள் விருப்பமோ என் விருப்பமோ கிடையாது. சட்டமே சதுர அடிக் கணக்குதான். 2025-இல் மும்பை உயர் நீதிமன்றம் புனே குடியிருப்பு ஒன்றின் வழக்கில் இதைத்தான் சொன்னது. சமமாகப் பிரிக்கிற எந்த அசோசியேஷனும் கோர்ட்டுக்குப் போனால் நிற்காது.

தாதர்லோக்கல்
நான் மும்பையில் ஹவுசிங் சொசைட்டியில்தான் இருக்கிறேன். இங்கே செக்யூரிட்டி, கிளீனிங், ஆபீஸ் செலவு எல்லாம் சேர்ந்த சர்வீஸ் சார்ஜ் எல்லா வீட்டுக்கும் சமம். லிஃப்ட் செலவும் சமம்தான், தரைத்தளத்தில் இருந்து லிஃப்டைத் தொடாதவருக்கும் உண்டு. மாதிரி பைலாவிலேயே அப்படித்தான் இருக்கிறது. எனவே "சட்டமே சதுர அடி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள்.

பழைய_பொருளாளர்
இரண்டு பேரும் சொல்வது பாதிதான். மும்பைக்காரர் சொல்வது கூட்டுறவு வீட்டு வசதி சங்கத்துக்கான பைலா. அதிலும் எல்லாமே சமம் இல்லை, ரிப்பேர் ஃபண்டும் சிங்கிங் ஃபண்டும் ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. புனே வழக்கு அபார்ட்மென்ட் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்தது. மகாராஷ்டிராவின் 1970-ஆம் வருடச் சட்டமும் கர்நாடகாவின் 1972-ஆம் வருடச் சட்டமும் பொதுச் செலவை யூ.டி.எஸ்., அதாவது மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கின் விகிதத்தில் போடச் சொல்கின்றன. சதுர அடியும் யூ.டி.எஸ்ஸும் பெரும்பாலும் ஒரே விகிதத்தில் வரும், ஆனால் எப்போதும் இல்லை. பில்டர் கடைசியில் விற்ற வீட்டுக்கு மிச்சமிருந்த மனையை எழுதிக் கொடுத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் உங்கள் பதிவான பைலாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் தம்பி. அங்கே செலவைப் பிரிக்கும் முறை எழுதியிருந்தால் கூட்டத்தில் கை தூக்கி மட்டும் அதை மாற்ற முடியாது, பைலாவைத் திருத்த வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. "மெயின்டனன்ஸ் 3,600" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எதையும் வாதாட முடியாது. அந்த மாதத்து வரவு செலவுப் பட்டியலைக் கேட்டு வாங்கி இங்கே போடுங்கள். உறுப்பினர் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும்.

கிரவுண்ட்ஃப்ளோர்
இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். நான் தரைத்தளம். லிஃப்ட் ஏ.எம்.சி. எனக்கும் போடுகிறார்கள். சதுர அடிக்கு மாறினால் அது போய்விடுமா?

பழைய_பொருளாளர்
போகாது. லிஃப்ட் யாருக்கு என்பது வேறு கேள்வி. மொட்டை மாடியில் இருக்கும் டேங்க்கைச் சுத்தம் செய்ய ஆள் போவதும் அதே லிஃப்டில்தான். தரைத்தளத்துக்கு விலக்கு கொடுத்தால் அடுத்து முதல் மாடிக்காரர் பாதி கேட்பார். பெரும்பாலான இடங்களில் யாருக்கும் விலக்கு இல்லை.

முதல்மாடி_900
பட்டியல் வாங்கிவிட்டேன். செக்யூரிட்டி 32,000. கிளீனிங், குப்பை 12,000. லிஃப்ட் ஏ.எம்.சி. 6,000. பொது ஈ.பி. 11,200. தண்ணீர் லாரி 10,800. சிங்கிங் ஃபண்ட் 14,400. மொத்தம் 86,400. மொத்தப் பரப்பு 28,800 சதுர அடி. அப்படியென்றால் சதுர அடிக்குச் சரியாக 3 ரூபாய். எனக்கு 2,700தான் வர வேண்டும்! மாதம் 900 ரூபாய் அதிகம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நடுவீடு_1200
அப்போது 1,200-க்கு எவ்வளவு வருகிறது பாருங்கள். 1,200 பெருக்கல் 3, அதே 3,600. 86,400-ஐ 24-ஆல் வகுத்தாலும் 3,600. உங்கள் அபார்ட்மென்ட்டில் பாதி வீடுகளுக்கு இந்தச் சண்டையில் ஒரு ரூபாய்கூட லாபமோ நஷ்டமோ இல்லை. நாலு பேருக்கு 1,800 ரூபாய் ஏறும், எட்டுப் பேருக்கு 900 இறங்கும், நடுவில் இருக்கும் பன்னிரண்டு பேர்தான் முடிவு செய்வார்கள். அவர்களுக்கு "எனக்குக் குறையும்" என்று சொல்லிப் பயனில்லை, ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும்.

பழைய_பொருளாளர்
நல்ல கவனிப்பு. தம்பி, உங்கள் 900 ரூபாய்க் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு செலவையும் எடுத்துக்கொண்டு, நாளைக்கே எல்லா வீடுகளும் இரண்டு மடங்கு பெரிதானால் இந்தச் செலவு ஏறுமா என்று கேளுங்கள். செக்யூரிட்டி சம்பளம் ஏறாது. லிஃப்ட் ஏ.எம்.சி. ஏறாது. மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் ஏறாது. கிளீனிங் என்பது பொது இடத்துக்கு, அதுவும் ஏறாது. இந்த நான்கும் சேர்ந்து 61,200, வீட்டுக்கு 2,550. இதைச் சமமாக வைப்பதில் துளசி அம்மா சொல்வது சரிதான்.

சிங்கிங் ஃபண்ட் அப்படி இல்லை. அது வெளிச்சுவர் பெயின்ட், மொட்டை மாடி வாட்டர் புரூஃபிங், பைப் மாற்றுவது, நாளைக்கு லிஃப்டையே மாற்றுவது இதற்கெல்லாம் சேர்க்கும் பணம். பெரிய வீட்டுக்கு வெளிச்சுவர் அதிகம், மேலே கூரை அதிகம், மனையில் பங்கும் அதிகம், கட்டடத்தின் மதிப்பு காப்பாற்றப்பட்டால் அவருக்குத்தான் அதிகம் மிஞ்சும். 14,400-ஐ 28,800-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 50 பைசா. உங்களுக்கு 450, நடுவீட்டுக்கு 600, பெரிய வீட்டுக்கு 900.

தண்ணீரை இப்போதைக்குச் சமமாகவே வைத்தால் வீட்டுக்கு 450. எல்லாம் கூட்டினால் உங்களுக்கு 3,450, நடுவீட்டுக்கு 3,600, பெரிய வீட்டுக்கு 3,900. எட்டு, பன்னிரண்டு, நாலு என்று பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், அதே 86,400 வரும். எந்த முறை போட்டாலும் இந்தக் கடைசிக் கூட்டலைச் செய்யாமல் விடாதீர்கள். கூடுதலாக வந்தால் பழைய பாக்கியோ காலி வீட்டுத் தொகையோ யாருக்கும் சொல்லாமல் உள்ளே சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல்மாடி_900
900 குறையும் என்று நினைத்தேன், 150-தான் குறைகிறதா? இதற்காகவா இவ்வளவு பேர் அடித்துக்கொள்கிறார்கள்?

பழைய_பொருளாளர்
மாத பில்லில் 150. பெயின்ட் அடிக்கிற வருடம் வரட்டும். 7,20,000 ரூபாய் வேலை என்று வையுங்கள், கையில் ஃபண்ட் இல்லை. சமமாகப் போட்டால் ஆளுக்கு 30,000. சதுர அடிக்கு 25 என்றால் உங்களுக்கு 22,500, பெரிய வீட்டுக்கு 45,000. உண்மையான சண்டை வருவது அங்கேதான். மோசமான நிலை என்ன தெரியுமா, வருடக் கணக்கில் சிங்கிங் ஃபண்டைச் சமமாக வாங்கிவிட்டு, குறைகிற பணத்தை மட்டும் சதுர அடியில் கேட்பது. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை யாராலும் பிரிக்க முடியாது. எந்த முறையில் சேர்க்கிறீர்களோ அதே முறையில் குறையையும் வாங்க வேண்டும். இதை இப்போதே தீர்மானமாக எழுதிவிடுங்கள். அந்த 14,400 மாதாமாதம் தனி எப்.டி.க்குப் போகிறதா, இல்லை செக்யூரிட்டி சம்பளத்தில் கரைகிறதா என்றும் பாஸ்புக்கைக் கேட்டுப் பாருங்கள்.

பால்கனித்துளசி
பெயின்ட்டுக்கு நான் அதிகம் தருகிறேன், அதில் எனக்கு வழக்கில்லை. தண்ணீர் சமம் என்பதைத்தான் ஏற்க மாட்டேன். லாரி வருவது என் ஒருத்திக்காகவா? ஆள் கணக்கில் போடுங்கள்.

நடுவீடு_1200
ஆள் கணக்கு எங்கள் இடத்தில் ஒரு வருடம்கூட ஓடவில்லை. ஊரிலிருந்து மாமியார் வந்து இரண்டு மாதம் தங்கினால் எண்ணுவதா, வேலைக்கு வரும் அம்மாவை எண்ணுவதா என்று வாசலில் வாக்குவாதம். வீட்டுக்கு வீடு மீட்டர்தான் வழி. ஆனால் பழைய கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு பைப் தனித்தனியாக மேலிருந்து இறங்கும், அத்தனைக்கும் மீட்டர் வைக்க வேண்டும். அந்தச் செலவு எத்தனை வருடத்தில் திரும்பும் என்று கணக்குப் போட்டுவிட்டு எங்கள் கமிட்டி விட்டுவிட்டது.

சட்டம்பேசுவோம்
வரி வரியாகப் பிரிப்பது கேட்க அழகாக இருக்கிறது. உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் இடத்தில் யூ.டி.எஸ். என்று எழுதியிருந்தால் 24 பேரும் சேர்ந்து சம்மதித்தால்கூட ஒருவர் பின்னால் மனம் மாறி வழக்குப் போடலாம். வீடு வாங்கி வரும் புது ஆள் அந்தச் சம்மதத்துக்குக் கட்டுப்பட்டவரா?

பழைய_பொருளாளர்
அந்த ஆபத்து இருக்கிறது, மறுக்க மாட்டேன். அதனால்தான் பைலாவை முதலில் பார்க்கச் சொன்னேன். பைலா மௌனமாக இருந்தால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டே தீர்மானம் போடுங்கள்.

இன்னொன்று. 28,800 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஒரு பத்திரத்தில் கார் பார்க்கிங்கையும் சேர்த்து எழுதியிருப்பார்கள், இன்னொன்றில் சேர்த்திருக்க மாட்டார்கள். சிலருக்குப் பொது இடத்தின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்அப், சிலருக்குச் சுவரோடு சேர்ந்த அளவு மட்டும். ஒரே பிளானில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு வீடுகளுக்குப் பட்டியலில் வேறு வேறு அளவு இருந்தால், அங்கே இரண்டு விதமான அளவு கலந்திருக்கிறது. 24 வீட்டுக்கும் அனுமதி பெற்ற பிளானிலிருந்து ஒரே மாதிரி அளவை எடுக்காமல் சதுர அடி என்று கூட்டத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

முதல்மாடி_900
என் பத்திரத்தில் 900 என்று இருப்பது எது என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது. பிளான் நகல் செயலாளரிடம் இருக்கிறதா என்று கேட்கிறேன். ஈ.பி. பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். போன மாதப் பட்டியலில் பொது ஈ.பி. என்ற வரியே இல்லை, செலவு மொத்தமே குறைவாக இருந்தது.

நடுவீடு_1200
ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஒரு மாதம் 22,400 என்றும் அடுத்த மாதம் ஒன்றுமில்லை என்றும் எழுதுகிறவர்கள் உண்டு, உங்கள் பொருளாளர் 11,200 என்று பாதியாகப் பிரித்திருப்பது இந்த மாதம்தான் ஆரம்பித்ததா என்று கேளுங்கள். போன மாதம் விட்டுப்போன பாதி வேறு எங்காவது சேர்ந்திருக்கும். ஒரு மாதப் பட்டியலை வைத்து ரேட் போடாதீர்கள், பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி வகுத்துக்கொண்டு போங்கள்.