நான் ஏமாந்தேன், போன் ஏமாறவில்லை

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை:
போன ஆடித் தள்ளுபடியின்போது நடந்தது இது. கல்லாவில் நின்றபடியே மெயில் பார்த்தேன். நாங்கள் நைட்டி விற்கும் ஆன்லைன் தளத்திலிருந்து வந்ததுபோல, 'உங்கள் பேமென்ட் நிறுத்தப்பட்டுள்ளது' என்று இருந்தது. லிங்கைத் தட்டினால் பக்கம் அச்சு அசல் அதேதான். பாஸ்வேர்ட் போட்டேன். ஓடிபி எப்போதும் வரும் இடத்திலிருந்தே வந்தது, அதையும் போட்டேன். பத்து நிமிடத்தில், பணம் வந்து சேரவேண்டிய வங்கிக் கணக்கு மாறியிருந்தது.

இந்த வருடமும் அதே மாதிரி மெயில். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த முறையும் தட்டினேன். ஆனால் இடையில் மகள், பாஸ்வேர்டுக்குப் பதில் போனில் கைரேகை வைத்து நுழையும் பாஸ்கீ வைத்துக் கொடுத்திருந்தாள். அதில் நுழையப் பார்த்தால், இந்தத் தளத்துக்குப் பாஸ்கீ எதுவும் இல்லை என்றது போன். அப்புறம்தான் முகவரியைப் பார்த்தேன். என் கண்ணுக்குத் தெரியாதது போனுக்கு எப்படித் தெரிந்தது?

தண்டையார்பேட்டை:
ரொம்பச் சுலபம் அண்ணே. உங்கள் கைரேகை அந்தத் தளத்தின் சர்வரில் இருக்கும். போலிக்காரனிடம் இருக்காது. அதனால் அவனால் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை.

பெரம்பூர் நெட்வொர்க்:
இல்லை தம்பி, கைரேகை போனைத் தாண்டி எங்கும் போவதில்லை. சாவியை எடுக்க போனுக்கு நாம் தரும் அனுமதி, அவ்வளவுதான். போலிக்காரனிடம் எதுவோ இல்லை என்றீர்களே, அது மட்டும் சரி.

பாஸ்கீ வைத்த அன்று போன் ஒரு ஜோடிச் சாவியை உருவாக்கியிருக்கும். பப்ளிக் கீ தளத்துக்குப் போகும். பிரைவேட் கீயைத் தளம் பார்ப்பதே இல்லை. நுழையும்போது தளம் புதிதாக ஒரு எண்ணை அனுப்பும், போன் அதற்குப் பிரைவேட் கீயால் கையெழுத்துப் போடும், தளம் பப்ளிக் கீயை வைத்து அதைச் சரிபார்க்கும். கையெழுத்தைச் சரிபார்க்கத் தெரிந்தவனுக்கு அதைப் போடத் தெரியாது. அதனால் சர்வரையே கொள்ளையடித்தாலும் அங்கே கிடைக்கும் பப்ளிக் கீயை வைத்து உள்ளே நுழைய முடியாது.

அண்ணன் கேட்டது அடுத்த படி. நிஜத் தளம் `kadai.example`, போலி `kadai-login.example` என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் போலிக்காரன் நடுவில் உட்கார்ந்திருந்தான். நீங்கள் போட்ட பாஸ்வேர்டை அந்த நொடியே நிஜத் தளத்தில் போட்டான், ஓடிபி நிஜமாகவே உங்களுக்கு வந்தது, அதையும் வாங்கிப் போட்டான். ஆறு இலக்கத்துக்குத் தன்னை எந்தப் பக்கத்தில் தட்டுகிறார்கள் என்று தெரியாது.

பாஸ்கீ `kadai.example` என்ற பெயரோடு சேர்த்தே சேமிக்கப்பட்டிருக்கிறது. போலிப் பக்கம் தன் பெயரில் கேட்டால், அந்தப் பெயருக்குச் சாவி இல்லை; நீங்கள் பார்த்தது அதுதான். நிஜத் தளத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பிரவுசர் அங்கேயே மறுத்துவிடும். அதையும் மீறிக் கையெழுத்து வாங்கினான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது இப்படி ஒரு தகவலையும் சேர்த்துத்தான் போடப்படும்:

```
{"type":"webauthn.get",
 "challenge":"k7Qx...",
 "origin":"https://kadai-login.example"}
```

`origin` வரியை எழுதுவது பிரவுசர், பக்கம் அல்ல. நிஜத் தளம் அதைப் பார்த்ததும் தள்ளிவிடும். நடுவில் திருத்தினால் கையெழுத்துப் பொருந்தாது.

காசிமேடு:
எல்லாம் சரி, என் போன் போன மாதம் வார்ஃபில் தண்ணீருக்குள் போய்விட்டது. சாவியும் கடலோடு போனதா? ஐஸ் பெட்டி கணக்கெல்லாம் நான் பாஸ்கீ வைத்த மெயிலில்தான் இருக்கிறது.

பெரம்பூர் நெட்வொர்க்:
பெரும்பாலும் போகாது. கூகுள், ஆப்பிள் கணக்கில் பாஸ்கீ ஒத்திசைந்திருந்தால், புதுப் போனில் அதே கணக்கில் நுழைந்து பழைய போனின் திரைப்பூட்டு எண்ணைக் கேட்டால் கொடுங்கள், வந்துவிடும். அந்த எண் மறந்துபோனால் சிக்கல்தான்.

வியாசர்பாடி:
ஒரு சந்தேகம். போலிப் பக்கம் 'பாஸ்கீ வேலை செய்யவில்லை, பாஸ்வேர்ட் போடுங்கள்' என்று கேட்டால்? என் அத்தை அப்படித்தான் போட்டார்கள், போச்சு.

பெரம்பூர் நெட்வொர்க்:
அதுதான் பெரிய ஓட்டை. பாஸ்வேர்ட் கதவைத் தளம் திறந்தே வைத்திருக்கும்வரை திருடன் அந்த வழியாகத்தான் வருவான். தளம் அனுமதித்தால் பாஸ்வேர்டை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால், வழக்கமாக வரும் பாஸ்கீ வராத பக்கத்தில் எதையும் தட்டச்சு செய்யாமல், முகவரியை நீங்களே அடித்து உள்ளே போங்கள். இன்னொன்று, கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் நீங்கள் நுழைந்த பிறகு, உள்ளே வந்ததற்கு அடையாளமாகப் பிரவுசர் வைத்திருக்கும் குக்கீயைத் திருடன் எடுத்துவிடுவான். அதற்குப் பாஸ்கீ காவல் இல்லை.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை:
பார்த்துவிட்டேன், எங்கள் தளத்தில் பாஸ்வேர்டை நீக்க வழியே இல்லை. அதோடு கணக்குப்பிள்ளையும் இதே கணக்கில்தான் நுழைகிறார். அவருக்கு?

பெரம்பூர் நெட்வொர்க்:
ஒரே கணக்கில் இரண்டாவது பாஸ்கீ சேர்க்கத் தளம் விட்டால், அவர் போனிலேயே தனியாக ஒன்று உருவாக்கிவிடுங்கள். வேலையை விட்டுப் போனால் அதை மட்டும் நீக்கினால் போதும்.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை:
அவர் வைத்திருப்பது பட்டன் போன் சார்.