வலது கிளிக்கைப் பூட்டினால் அசல் படம் பத்திரமா?

நிழல்வேட்டை: என் போர்ட்ஃபோலியோ தளம் தயார். ஆல்பங்கள், படக்குறிப்புகள் எல்லாம் ஏற்றியாயிற்று. வலது கிளிக்கை முடக்கி, படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கையும் விரித்துவிட்டேன். முழு அளவுப் படத்தை இனி யாராலும் எடுக்க முடியாது. வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

கம்பிவடம்: யாராலும் முடியாதா? ஆல்பத்தில் தெரியும் சிறு படத்தின் முகவரி `/photos/thumb_IMG_4021.jpg`. அதில் `thumb_` என்பதை அழித்துவிட்டு எண்டர் தட்டினேன். 6000×4000 அளவில் அசல் வந்து நிற்கிறது. வலது கிளிக் பக்கமே நான் போகவில்லை. எண்ணை 4022, 4023 என்று கூட்டிக்கொண்டே போனால், நீங்கள் ஆல்பத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய படங்கள்கூட வருகின்றன.

நிழல்வேட்டை: முகவரியைத் திருத்திப் பார்க்கிற ஆசாமி ஆயிரத்தில் ஒருவர். மற்றவர்கள் வலது கிளிக்தான் செய்வார்கள். அதை முடக்கியாயிற்று.

கம்பிவடம்: அந்த ஒருவர்தானே திருடன்! மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்திவெயில்: ஏன் இவ்வளவு சூடு? கோப்பின் பெயரை முப்பது எழுத்துக் குப்பையாக மாற்றினால் யாராலும் ஊகிக்க முடியாது. வேலை முடிந்தது.

கம்பிவடம்: பாதி சரி. ஊகிக்க முடியாது, ஆனால் வாடிக்கையாளர் அந்த இணைப்பை ஒரே ஒரு குழுவில் பகிர்ந்தால் போதும், அது என்றைக்கும் திறந்தே கிடக்கும். அசலைத் தளத்தின் பொதுக் கோப்புறையிலிருந்தே வெளியேற்ற வேண்டும். ஆல்பத்தில் காட்ட நீளப்பக்கம் 1600 பிக்சலில் ஒரு நகல் போதும். அசலைக் கேட்டால் முதலில் உங்கள் நிரல் உள்நுழைவைச் சரிபார்க்கட்டும், அப்புறம் சர்வரிடம் கோப்பைக் கொடுக்கச் சொல்லட்டும். என்ஜின்எக்ஸ் என்றால் இவ்வளவுதான்:

```
location /moolam/ {
    internal;
    alias /srv/originals/;
}
```

நிரல் `X-Accel-Redirect: /moolam/IMG_4021.jpg` என்ற ஹெட்டரை அனுப்பினால் படம் போகும். வெளியிலிருந்து யாராவது நேராக `/moolam/` முகவரியைத் தட்டினால் 404 தான் வரும். லாக்அவுட் செய்துவிட்டு `curl -I` போட்டுப் பாருங்கள். அசலின் முகவரிக்கு 200 வந்தால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

நிழல்வேட்டை: 1600 பிக்சல் நகலை ஸ்கிரீன்ஷாட் எடுப்பானே, அதை உங்கள் 404 தடுக்குமா? வலது கிளிக் முடக்கமாவது அவனைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

கம்பிவடம்: திரையில் தெரிவதை எதுவும் தடுக்காது. அதனால்தான் சிறிய நகல். அது போனால் போகட்டும், பெரிய அச்சுக்கு உதவாது. அசல் போனால் உங்கள் வியாபாரமே போகும். இந்த வித்தியாசம் புரியாமல் வலது கிளிக்கையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

பழையஃபிலிம்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் ஆல்பத்தில் கடைசியில் எடுத்த படங்கள் முதலில் வந்து நிற்கின்றன. கேமரா எண் 9999 முடிந்ததும் 0001 ஆகிவிட்டது. வலது கிளிக்கை முடக்கினால் இது சரியாகுமா?

கம்பிவடம்: ஆகாது, ஐயா. கோப்பின் பெயரை வைத்து அடுக்கினால் அப்படித்தான் வரும். தரவுத்தளத்தில் வரிசைக்கென்று தனியாக எண் வையுங்கள். 10, 20, 30 என்று இடைவெளி விட்டால் நடுவில் ஒன்றைப் புகுத்துவது எளிது. அந்த எண்ணைப் படத்தோடு வைக்காமல், படத்தையும் ஆல்பத்தையும் இணைக்கும் அட்டவணையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே படம் இரண்டு ஆல்பத்தில் வரும்போது சிக்கல்.

அந்திவெயில்: எல்லாவற்றுக்கும் தரவுத்தளமா? படக்குறிப்பைப் படத்தின் உள்ளேயே எழுதலாமே, ஐபிடிசி எதற்கு இருக்கிறது? போன முறையும் இதே பாட்டுத்தான் பாடினீர்கள்.

கம்பிவடம்: போன முறை பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள். அளவு குறைக்கும்போது பல கருவிகள் உள்ளே எழுதியதை உதறிவிடும், குறிப்பும் கூடவே போகும். உதறாமல் விட்டாலும் வம்புதான், ஜிபிஎஸ் இடம் உலகத்துக்கே தெரியும். உங்கள் தளத்தின் நகல்களில் இரண்டாவது வகைதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அந்திவெயில்: என் தளத்தை யார் பார்க்கச் சொன்னது? அதற்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம்?

பழையஃபிலிம்: அப்படியானால் 10, 20 என்ற எண்ணை ஒவ்வொரு படத்துக்கும் நானே கையால் போட வேண்டுமா?

கம்பிவடம்: முதல் முறை எடுத்த நேரத்தை வைத்து நிரலே போடட்டும். பிறகு மாற்றுவதை மட்டும் நீங்கள் கையால் மாற்றுங்கள். இரண்டு கேமரா வைத்திருந்தால் இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

நிழல்வேட்டை: என் கேள்வியில் ஆளாளுக்குக் கடை விரித்துவிட்டீர்கள். `thumb_` என்பதை `small_` என்று மாற்றிவிட்டேன். இப்போது வலது கிளிக் செய்து பாருங்கள், வருகிறதா?

கம்பிவடம்: `small_` என்பதை அழித்தேன். வந்துவிட்டது.

நிழல்வேட்டை: நான் கேட்டது வலது கிளிக்கை.