திருமணத்துக்கு முன் போட்ட நாமினி: அக்காவின் கணவர் இறந்துவிட்டார், பணம் யாருக்கு?

கேட்பவர்: தென்றல்

என் அக்காவின் கணவர் சென்ற மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். உயில் எழுதவில்லை. ஒரு வங்கியில் அவர் பெயரில் மட்டும் சேமிப்புக் கணக்கில் 1,60,000 ரூபாயும் நிரந்தர வைப்பில் 8,00,000 ரூபாயும் உள்ளன. இரண்டுக்கும் நாமினி அவருடைய தம்பி. திருமணத்துக்கு முன் போட்டது, பிறகு மாற்றவே இல்லை. அக்காவும் அத்தானும் சேர்ந்து போட்ட 3,00,000 ரூபாய் வைப்பு தனியாக இருக்கிறது.

நாமினிக்குத்தான் கொடுப்போம் என்று கிளை மேலாளர் சொல்கிறார். தம்பியோ, "அண்ணன் எனக்கென்றுதான் எழுதி வைத்தார்" என்கிறார். அக்காவுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். மாமியாரும் உயிரோடு இருக்கிறார், மாமனார் இல்லை. நாங்கள் இந்து குடும்பம். அத்தானின் ஏடிஎம் அட்டை அக்காவிடம் இருக்கிறது, ரகசிய எண்ணும் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடலாமா?

பனைமரம்

நாமினி என்றால் பணம் அவருக்குத்தான் சொந்தம். என் சித்தப்பா இறந்தபோது ஆயுள் காப்பீட்டுத் தொகை முழுவதும் நாமினியான சித்திக்கே வந்தது, யாரும் பங்கு கேட்க முடியவில்லை. வருத்தமாக இருக்கிறது, ஆனால் சட்டம் அப்படித்தான்.

பழைய கவுண்டர் (வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்)

பனைமரம் சொல்வது காப்பீட்டில் ஓரளவு சரி. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் காப்பீட்டுப் பணம் அவர்களுக்கே உரியது. தம்பி அந்தப் பட்டியலில் இல்லை. அந்த விதி வங்கி வைப்புக்கு வரவும் வராது.

வங்கியைப் பொறுத்தவரை நாமினி பணத்தைக் கையில் வாங்கும் உரிமை பெற்றவர், அவ்வளவுதான். அவரிடம் கொடுத்தவுடன் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடும். பணம் யாருடையது என்பதை வாரிசுரிமைச் சட்டம் முடிவு செய்யும். உச்ச நீதிமன்றம் 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் வங்கி வைப்பைப் பற்றியே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே மேலாளர் சொல்வதும் சரி, தம்பி சொல்வது தவறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மேலாளரோடு சண்டை போட வேண்டாம்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அத்தானின் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். நால்வருக்கும் சம பங்கு. 9,60,000 ரூபாயில் ஆளுக்கு 2,40,000. தம்பி இரண்டாம் வகுப்பு வாரிசு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்குப் பங்கு இல்லை. மாமியாருக்குப் பங்கு உண்டு என்பதையும் அக்கா மனத்தில் கொள்ள வேண்டும். "முழுப் பணமும் என்னுடையது" என்று பேச்சைத் தொடங்கினால் மாமியார் தம்பி பக்கம் போய்விடுவார்.

அட்டையைத் தொடவே வேண்டாம். இறந்தவரின் கணக்கிலிருந்து எடுத்தது பதிவில் தேதியோடு நிற்கும். நியாயம் முழுவதும் அக்கா பக்கம் இருக்கும்போது, திருட்டுப் புகார் கொடுக்கும் வாய்ப்பைத் தம்பிக்கு ஏன் தர வேண்டும்? இறப்புச் சான்றிதழைக் கொடுத்து, மரணத்தைக் கணக்கில் பதியச் சொல்லுங்கள்.

குறிஞ்சி

தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, ஆட்சேபக் கடிதத்தோடு வங்கியில் கொடுத்துவிடுங்கள். நாமினிக்குக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பழைய கவுண்டர்

அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், குறிஞ்சி. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45இசட்பி பிரிவின்படி மற்றவர்களின் உரிமைக் கடிதத்தை வங்கி கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. நீதிமன்ற ஆணை வந்தால்தான் நிற்கும். வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் யார் என்பதைக் காட்டும், நாமினியை ஒதுக்காது. ஆனாலும் அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள், வழக்குக்கு வேண்டியிருக்கும்.

காலம்தான் இங்கே முக்கியம். நாமினி ஆவணங்களை முழுமையாகக் கொடுத்தால் 15 நாட்களுக்குள் வங்கி பணத்தைக் கொடுத்தாக வேண்டும். தம்பி விண்ணப்பம் கொடுத்துவிட்டாரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பேசித் தீரும் என்று தோன்றினால், பணம் வந்ததும் நால்வருக்கும் வங்கி வழியாக அனுப்புவதாக அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தீராது என்றால் வழக்கறிஞர் மூலம் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, பணம் கொடுப்பதற்கு இடைக்காலத் தடை கேளுங்கள். கொடுத்த பிறகும் தம்பி மேல் வழக்குப் போடலாம். ஆனால் செலவழித்துவிட்டவரிடம் வசூலிப்பது பெரும்பாடு.

கூட்டு வைப்பின் ரசீதை எடுத்துப் பாருங்கள். "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்று இருந்தால், முதிர்வு நாளில் அக்காவே பெற்றுக்கொள்ளலாம். அதில் நாமினி இருந்தாலும், இருவரும் இறந்த பிறகுதான் அவருக்கு வேலை.

நெய்தல்

கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா தெரியவில்லை. நாமினியை மாற்றுவது எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? எனக்கும் அதே சிக்கல். என் கணக்கில் அப்பா பெயர் இருக்கிறது, மனைவி பெயரைச் சேர்க்க வேண்டும். மனைவி நேரில் வர வேண்டுமா?

பழைய கவுண்டர்

அவர்கள் நிலைமை வேறு, நெய்தல். கணக்குதாரர் உயிரோடு இருக்கும்போது மட்டுமே நாமினியை மாற்ற முடியும். உங்களுக்குச் சொல்கிறேன்: கிளையில் நாமினியை மாற்றும் படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கையெழுத்திடுங்கள். கைநாட்டு என்றால் மட்டும் இரண்டு சாட்சிகள் வேண்டும். நாமினி வரத் தேவையில்லை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம்.

படிவத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், பாஸ்புக்கில் நாமினி பதிவான குறிப்பைப் பாருங்கள். சேமிப்புக் கணக்கில் மாற்றியது வைப்புக்குத் தானாகப் போகாது, ஒவ்வொரு வைப்புக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். திருமணம் ஆனதால் வங்கியிலுள்ள பழைய நாமினி ரத்தாகாது. தென்றல் வீட்டில் நடந்ததே அதுதான்.

தென்றல்

மிக்க நன்றி ஐயா. அட்டையை வங்கியில் ஒப்படைத்துவிட்டோம். தம்பி இன்னும் விண்ணப்பம் கொடுக்கவில்லையாம். கூட்டு வைப்பின் ரசீதில் நீங்கள் சொன்ன வாசகம் இருக்கிறது, முதிர்வுக்கு ஏழு மாதம் உள்ளது. இன்னொரு சந்தேகம்: அத்தானின் வருங்கால வைப்பு நிதியிலும் தம்பி பெயர்தான் இருக்கிறது. அதுவும் முதலில் அவர் கைக்குத்தான் போகுமா?

பழைய கவுண்டர்

அங்கே விதி வேறு, அது அக்காவுக்குச் சாதகமானது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் குடும்பம் இல்லாதபோது வெளியாளைப் போட்டிருந்தால், திருமணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாமல் போகும். அந்தத் திட்டத்தின் கணக்கில் தம்பி குடும்பம் இல்லை. அத்தான் போட்டபோது தாய் அவரைச் சார்ந்திருந்தார், ஆகவே அப்போதே குடும்பம் இருந்தது என்று தம்பி தரப்பு சொன்னாலும், குடும்பம் இருக்கும்போது வெளியாளைப் போட்டதும் செல்லாது. திருமணச் சான்றையும் வாரிசுச் சான்றிதழையும் வைத்து அக்கா பெயரில் உடனே விண்ணப்பியுங்கள்.

குறிஞ்சி

ஒரு கேள்வி விடுபட்டுவிட்டது. மாமியார் தன் 2,40,000 ரூபாயைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க விரும்பினால் வாய்ச்சொல் போதுமா, பத்திரம் எழுத வேண்டுமா? வழக்கறிஞர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.