அம்மாப்பேட்டை குடும்பம் குரூப்: யாழினியோட கடை

திவ்யா: யாழினி கிளாஸ்ல திங்கக்கிழமை கடை விளையாட்டு. வீட்டுல சில்லறை யார்கிட்ட இருக்கு? நாங்க எல்லாத்துக்கும் ஸ்கேன்தான், ஒரு காயின்கூட இல்ல

குமார் சித்தப்பா: நம்ம கடைக்கு வா. பத்து ரூபா காயினும் தர்றேன், இங்க யாரும் வாங்க மாட்டேங்கறாங்க

ரவி: அது செல்லாதே சித்தப்பா

குமார் சித்தப்பா: 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018லயே சொல்லியாச்சுடா

திவ்யா: நேத்து ஒத்திகை பார்த்தோம். தட்டுவடை செட் 13 ரூபா. 20 ரூபா நோட்டு குடுத்தேன். மீதி 13 ரூபா குடுக்கறா, மூணு தடவையும்

ரவி: 13க்கு எங்க செட் கிடைக்குது?? 😋

செல்வி அத்தை: திவ்யா, அவ மனசுக்குள்ள கழித்தல் போடறா கண்ணு. பூஜ்ஜியத்துல மூணு போகாதுன்னதும் திருப்பிப் போட்டு மூணுல பூஜ்ஜியம் போனா மூணுங்கறா, ரெண்டுல ஒண்ணு போனா ஒண்ணு, அதான் 13. கழிக்கவே சொல்லாத. விலையில இருந்து நோட்டு வரைக்கும் ஏறச் சொல்லு. வாயில 13னு ஆரம்பிக்கணும், ஒரு ரூபா வெச்சு 14, இன்னொண்ணு வெச்சு 15, அஞ்சு ரூபா வெச்சு 20. இப்படி வெச்ச காசு மொத்தமும்தான் மீதி. 32 வருஷம் இப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்

குமார் சித்தப்பா: நாங்களும் அப்படித்தான் எண்ணிக் குடுப்போம். ஒண்ணு மட்டும், மீதி குடுக்கற வரைக்கும் நோட்டை கல்லாவுல போடக்கூடாது. போட்டா அம்பதா நூறான்னு சண்டை

சுமதி: மொய்ப் பணம் எண்ணறப்பவும் இந்தக் கவனம் இருந்திருக்கலாம்

செல்வி அத்தை: சுமதி, அது இப்ப வேணாம்

ரவி: பெரிய காயின்னா பெரிய மதிப்புன்னு சொல்லிட்டா ஈஸி இல்ல?

செல்வி அத்தை: இல்லடா. பழைய ரெண்டு ரூபா காயின் அஞ்சை விட அகலம். கையில வெச்சுப் பாரு. குழந்தைங்க ஏமாறற இடமே அதுதான். அதனால அட்டைக் காசு வேணாம், நிஜக் காசுதான்

திவ்யா: இப்பப் பண்ணிப் பார்த்தேன் அத்தை. முதல்ல அஞ்சை வெச்சா, 18னு கரெக்டா சொன்னா. அப்புறம் ரெண்டு ரூபாயை வெச்சு 19ன்னா. அடுத்து ஒரு ரூபா வெச்சு 20. மொத்தம் 8 ரூபா குடுத்துட்டா

செல்வி அத்தை: ரெண்டு ரூபாயை ஒரு காயின்னு எண்ணியிருக்கா. அது பக்கத்துல ரெண்டு ஒரு ரூபாயை வெச்சு மாத்தி மாத்தி விளையாடச் சொல்லு, அப்புறம் கடைக்குப் போகலாம். மதிப்பு குறைஞ்ச காயினை முதல்ல வெச்சா 15ல போய் நிக்கும், அங்கிருந்து 20க்கு ஒரே தாவல்

சுமதி: எங்க பையன் இப்ப அஞ்சாவது, இன்னும் விரல் விட்டுத்தான் எண்ணறான்

செல்வி அத்தை: விரல் தப்பில்ல சுமதி, ராத்திரி பேசறேன்

குமார் சித்தப்பா: காயின் கட்டி வெச்சுட்டேன், ஒண்ணு 30, ரெண்டு 10, அஞ்சு 10, மொத்தம் 100 ரூபா. யாரு வர்றீங்க?

ரவி: ஞாயித்துக்கிழமை ஏற்காடு போறோம்

திவ்யா: அப்ப சனிக்கிழமை வந்துடறேன் சித்தப்பா. அஞ்சு ரூபா ஏன் 10?

குமார் சித்தப்பா: குறைச்சுக்கலாம், அத்தையைக் கேளு