புதுப்பிப்பு: தட்டச்சு வேலைக்கு டெபாசிட்

நான் கேட்டது: "பக்கக் கணக்கில் தட்டச்சு வேலை. மென்பொருளுக்கு டெபாசிட் கேட்கிறார்கள், கட்டலாமா?"

பதில்கள் வருமுன் கட்டிவிட்டேன். 300 பக்கம் அடித்து அனுப்பினேன். துல்லியம் 98 சதவீதம் வேண்டும், உங்களுடையது 91 என்றார்கள். பிழைப் பட்டியல் கேட்டேன், தரவில்லை. அப்புறம் மறுவாய்ப்புக்கு இன்னொரு கட்டணம்! அங்கே நிறுத்திக்கொண்டேன்.

இத்துறையில் பல வருடம் இருந்த அண்ணன் சொன்னதுதான் உறைத்தது: அவை ஏற்கெனவே அச்சான எழுத்துகளின் படங்கள், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் நொடியில் படித்துவிடும். திரும்ப அடித்துத்தர யாருக்கும் தேவையே இல்லை. மங்கலான படத்தில் ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்யமும் ஒன்றுபோல இருப்பது, நம்மைத் தோற்கடிக்கத்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால் அபராதம் கட்டியே ஆகவேண்டும் என்று பதிலில் எழுதினார் ஒருவர். வேலை கொடுத்தவர்களிடமிருந்து மிரட்டல் நோட்டீஸ் வந்தது உண்மை. ஆனால் அது நீதிமன்ற உத்தரவு அல்ல.

கேப்சா அடிக்கும் வேலையில் கணக்கு முடங்கியதாகப் பதிலில் எழுதிய தங்கச்சி, திறக்கப் பணம் கேட்டால் கட்டாதீர்கள். வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.